கடைசி வரியைப் பார்த்தவள்

அந்த அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அவள் வாயைத் திறந்தால் ஒரு திருத்தம் வெளியே வரும். "மழை நின்னுடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் தூறுது" என்பாள். ஆபீஸில் எல்லோரும் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஒருநாள் என்னிடம், "பூதக்கண்ணாடின்னா பெருசாக் காட்டும். நான் எதையும் பெருசாக் காட்டல. இருக்கறதத்தான் சொல்றேன்" என்றாள். பட்டப்பேருக்கே திருத்தம் போட்டவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் ஆஸ்பத்திரியின் முன் கவுன்டரில் நோயாளிகளின் பேரைப் பதிகிறவள். வாய் கொஞ்சம் நீளம். கவுன்டரில் உட்காருகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிறவர்கள் நம் தலைமேல் ஏறி நடந்துவிடுவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர் அமைப்பில் கிடந்தது. அது அடிக்கடி உறைந்து போகும். நான் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவேன், அது மறுபடி மூச்சு விடும். அதிலிருந்து எல்லாவற்றையும் புது அமைப்புக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு குழு போட்டார்கள். கவுன்டர் வேலை தெரிந்த ஆள் ஒருத்தி வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போட்டார்கள். அப்படித்தான் பின்கட்டில், பழைய எக்ஸ்ரே அறையில், அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது.

குழுவுக்குத் தலைவர் ஒரு சார். அதிர்ந்து பேசாத மனிதர், மனைவியை இழந்தவர், மதியம் தனியாகத்தான் சாப்பிடுவார். விவரங்களைப் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு நகர்த்தும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவன் ஒரு தம்பி. கெட்டிக்காரன், ஆனால் எதையும் அவசரத்தில் செய்வான். நர்சுகளுக்குப் புது அமைப்பைச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சரம்மா. வயர் இழுக்க ஒரு ஆள், அவருக்கு வயர் என்றே பேர். அக்காவின் வேலை சரிபார்ப்பது. இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அந்தப் பக்கம் அப்படியே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் புது அமைப்பைத் திறக்கலாம்.

"உங்க வேலை பரவால்லக்கா, உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்று முதல் வாரத்தில் நான் கேலி செய்தேன்.

"என் வேலைய நல்லா செஞ்சா ஒண்ணுமே நடக்காது" என்றாள் அக்கா. "ஒண்ணும் நடக்காததுக்கு யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அதான் இதுல இருக்கற கஷ்டம்."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. சும்மா பெருமூச்சு விடுகிறாள் என்று நினைத்தேன்.

அவளுக்கு வீடு என்று இருந்தது ஒரு அடுக்குமாடியின் மேல் தளத்தில் ஒற்றை அறை. ஒருமுறை காய்ச்சலில் வராமல் இருந்தபோது போய்ப் பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. எனக்கு உட்காரக் கட்டிலைக் காட்டினாள். கல்யாணம் கூடி வந்து தட்டிப் போனது, அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் மெனக்கெடவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். போன் வரும். வந்தால் ஏதாவது வேலை இருக்கும்: பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் சீக்கிரம் டாக்டரைப் பார்க்க முடியுமா, இந்த மாத்திரை அங்கே கிடைக்குமா. அண்ணி யாரிடமோ, "அவளா, கம்ப்யூட்டர்ல ஏதோ தப்புக் கண்டுபிடிக்கிறாளாம்" என்று சொன்னது இவள் காதில் விழுந்திருக்கிறது. "ஏதோன்னுதான் சொல்வாங்க. அவங்களுக்கு நான் ஏதோதான்" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

இப்போது ரெட்டைப் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வருவதெல்லாம் அதில்தான் போய் முட்டியது.

பழைய அமைப்பில் ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருப்பார். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து ஒன்றாகச் சேர்க்கத் தம்பி ஒரு வழி எழுதியிருந்தான். பிறந்த நாள் ஒன்று, அப்பா பேர் ஒன்று, விலாசம் ஒன்று, பேரும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். சேர்க்கப் போகிறவர்களின் பேர்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. நான் டீ குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஒரு ஜோடியைப் பார்த்ததும் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"ஐயையோ, நிறுத்துங்கக்கா! இது ஒரு ஆள் இல்ல, ரெட்டைப் பசங்க! மாசா மாசம் என் கவுன்டருக்கு வர்றாங்க. ஒருத்தனுக்கு மூச்சிரைப்பு, இன்னொருத்தன் நல்லாக் குதிச்சுக்கிட்டிருப்பான். ரெண்டையும் ஒண்ணாக்கினா எவனுக்கு எந்த மருந்து குடுப்பாங்க?"

அக்கா அதைப் பிழையாகப் பதிந்தாள். தம்பி அன்றே ரெட்டைப் பிள்ளைகளைத் தனியாகப் பிரிக்கும்படி மாற்றினான். கண்டது நான், பதிந்தது அவள். பிழைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் அவள் என்பதால் எந்தப் பிழையைத் திறந்தாலும் பக்கத்தில் அவள் பேர்தான் விழும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்து வந்தது சண்டை. புது அமைப்பைத் திறக்க எங்கள் ஆஸ்பத்திரி இயக்குநர் ஒரு நாளைக் குறித்துவிட்டார். ஆஸ்பத்திரி முழுக்க அறிவிப்பு ஒட்டியாயிற்று. விவரங்களை மாற்றிப் பார்க்கும் கடைசி ஒத்திகையும் முடிந்தது. கணக்குப் பார்த்தால் எல்லாப் பதிவும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி. அக்கா போட மாட்டேன் என்றாள்.

"எண்ணிக்கை சரியா இருக்கு. உள்ள இருக்கறது சரியான்னு பாக்கல. டாக்டருங்க கைப்பட அடிச்ச குறிப்பெல்லாம் முழுசா வந்துச்சான்னு ஒத்திகையில யாரும் பாக்கல. நேரம் குடுக்கல. பாக்காம நான் போட மாட்டேன்."

இயக்குநர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் இருந்தோம். "ஒரு கையெழுத்துக்காக மொத்த ஆஸ்பத்திரியும் காத்திருக்கணுமா? எல்லாரும் சரின்னு சொல்றப்ப உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார்.

"எல்லாரும் பாத்துட்டு சரின்னு சொல்லல சார்" என்றாள் அக்கா. பேனாவைத் தொடவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள்.

அந்த ஒரு வாரத்தில் என் லீவு போயிற்று. தங்கை வீட்டுக்குப் போகப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தேன். நான் அக்கா முன்னால் போய் நின்று, "உங்களுக்கு வீட்ல ஆள் இல்ல, எங்களுக்கும் இல்லன்னு நெனச்சீங்களா?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் நானே போய் டீ வாங்கிக் கொடுத்தேன். என் கோபம் அவ்வளவுதான், பொங்கி வழிந்தால் அடங்கிவிடும். மற்றவர்கள் கத்தவில்லை. பேசாமல் இருந்தார்கள். அது பத்து மடங்கு மோசம். அவள் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். டீச்சரம்மா போனை எடுத்துப் பார்ப்பாள். வயர் எழுந்து கை கழுவப் போய்விடுவார். தம்பி அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பூதக்கண்ணாடி போய் முட்டுக்கட்டை என்று பேர் மாறியது.

வாரம் முடிந்து அக்கா கையெழுத்துப் போட்டாள். புது அமைப்பு திறந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை. "பாத்தியா, ஒண்ணுமே இல்ல. அன்னைக்கே போட்டிருக்கலாம்" என்று வயர் என் காதில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

குழுவைக் கலைக்கும் நாள் நெருங்கியது. அப்போதுதான் சார் ஒரு புது வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொருவராக வந்து, "இந்த வேலையில நீங்க செஞ்சதுல எது முக்கியம்னு நெனக்கிறீங்க? உங்களுக்கு யாரு உதவினாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. யாரையோ மாட்டிவிடத்தான் துருவுகிறார் என்று நினைத்தேன்.

"எதுக்கு சார் கேக்கறீங்க? நேரா சொல்லுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடிவுக் கூட்டத்துல நான் நன்றி சொல்லணும். எல்லாரும் நல்லா உழைச்சீங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா எனக்கு அது வரல." மேஜையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "என் மனைவி போனப்ப வீடு நெறயக் கூட்டம். வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான், நல்ல மனுஷி, தங்கமான மனுஷின்னு. யாரு செத்தாலும் சொல்றதுதானே அது. கீழ் வீட்டுப் பொண்ணு ஒருத்தி மட்டும், 'மழை வந்தா எங்க கொடியில கெடக்கற துணியையும் சேத்து எடுத்து மடிச்சு வெப்பாங்க'ன்னு சொன்னா. எனக்கு அது தெரியாது. அன்னைக்கு நான் கேட்டதுல அது ஒண்ணுதான் அவளப் பத்தினது. மத்ததெல்லாம் யாருக்கு வேணா பொருந்தும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் புத்தி எங்கே போகும்? அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், என் நாற்காலியின் சக்கரம் கழன்றதையும் அதைக் கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதையும் அரைமணி நேரம் புலம்பித் தீர்த்தேன். ரெட்டைப் பிள்ளைகள் ஞாபகத்துக்கே வரவில்லை. பாவம், பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் நானும் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். சார் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு விஷயமா சொல்லப் போறாரா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமாக்கா. ஏன், உங்களப் பத்திச் சொல்ல என்ன இருக்குன்னு யோசிக்கிறீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். தள்ளிப்போட்ட அந்த வாரத்தில், டாக்டர்கள் எழுதிய குறிப்புகளில் மிக நீளமானவற்றைத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் கடைசி வரி ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். இல்லை. புது அமைப்பில் அந்தக் குறிப்புக்கு ஒதுக்கிய இடம் சிறிது. இடம் முடிந்ததும் மிச்சத்தை அது சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. குட்டிக் குறிப்புகளெல்லாம் ஒழுங்காக வந்ததால் ஒத்திகையில் யார் கண்ணிலும் படவில்லை. வெட்டுப்பட்ட வால்களில்தான் 'இந்த ஊசி இவருக்கு ஒத்துக்காது' என்கிற மாதிரி வரிகள் இருந்திருக்கின்றன. டாக்டர்கள் புதிதாக எதைக் கண்டாலும் கடைசியில்தானே சேர்ப்பார்கள்? தம்பி இடத்தைப் பெரிதாக்கி, எல்லாவற்றையும் மறுபடி நகர்த்தி, அவள் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"யாருக்கு இது தெரியும்?"

"எனக்கு, தம்பிக்கு, சாருக்கு. இயக்குநர்கிட்ட சின்னத் திருத்தம்னு சொல்லிட்டாராம். தம்பி பேர் கெடக் கூடாதுன்னு வெளிய விடல. சரிதான், அவனும் வேணும்னு செய்யல."

"உங்க பேரு கெட்டா பரவால்லயா? அந்த ஆளுங்க உங்கள முட்டுக்கட்டைங்கறாங்க! நீங்களாவது வாயத் தெறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நானே எப்படிச் சொல்றது? தம்பட்டம் மாதிரி இருக்கும்." சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "சார் சொல்வாருன்னு நெனக்கிறேன். அவருக்குத் தெரியும்ல. ஒரு தடவ யாராவது சொன்னாப் போதும். அப்புறம் நான் எங்க வேணாப் போறேன்." அவளை ஆஸ்பத்திரியின் வேறொரு கிளைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தன்று இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தாள். தலையை வேறு மாதிரி வாரியிருந்தாள். நான் கேலி செய்ய வாயெடுத்தேன், செய்யவில்லை.

டீச்சரம்மா பாடம் நடத்திய அறையில்தான் கூட்டம். நடுவில் கேக். இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்காவுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடந்தது, நான் போய் ஒன்றில் உட்கார்ந்தேன். சார் எழுந்தார். கையில் காகிதம் இல்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். டீச்சரம்மாவைப் பார்த்து, "வகுப்புல சொல்லிக் குடுத்தது நர்சுங்களுக்கு மனசுல நிக்கலன்னு தெரிஞ்சதும், நீங்களே வார்டுக்குப் போயி அவங்க பக்கத்துல நின்னு, மருந்து வண்டிய தள்ளிக்கிட்டே சொல்லிக் குடுத்தீங்க. தெறந்த அன்னைக்கு வார்டுலேந்து உதவி கேட்டு போனே வரலன்னா அதான் காரணம்" என்றார். டீச்சரம்மா முகத்தை மூடிக்கொண்டாள். வயரிடம், ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் எந்த அறைக்குப் போகிறது என்று ஒட்டி வைத்ததைச் சொன்னார். இனி வருகிறவர்கள் சுவரை இடிக்காமல் வேலை செய்வார்கள் என்றார். தம்பியிடம், ரெட்டைப் பிள்ளைகள் விஷயம் தெரிந்த அன்றே அவன் யாரையும் குறை சொல்லாமல் உட்கார்ந்து மாற்றி எழுதியதைச் சொன்னார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நான். "கவுன்டர் அம்மா ரொம்பப் பொறுமையா ஒத்துழைச்சாங்க" என்றார்.

பொறுமையா? நானா? என் தங்கை கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கூட்டத்திலேயே இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

பிறகு அக்காவிடம் திரும்பினார். இயக்குநரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரிபார்த்தவங்க இவங்க. ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேரோட பதிவையும் ஒண்ணாச் சேக்க இருந்தோம். அத இவங்க கண்டுபிடிச்சாங்க. ஒரு கொழந்தையோட மருந்து இன்னொரு கொழந்தைக்குப் போகாமக் காப்பாத்தினாங்க" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பேசாமல் இருந்தவர்கள்கூடத் தட்டினார்கள். என் காது சூடாகிவிட்டது. என்னுடையதைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, கையில் மிச்சமிருந்த பொறுமையை எனக்குப் போட்டிருக்கிறார்! எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று அக்காவைப் பார்த்தேன். அவள் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் மூடிக்கொண்டது. போகட்டும், வைத்துக்கொள்ளட்டும், அவளுக்கு வேறு யார் தட்டப் போகிறார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன்.

ஆனால் அவள் எழுந்துவிட்டாள்.

"சார், அது நான் இல்ல." என்னைக் காட்டினாள். "கண்டுபிடிச்சது இவங்க. ஓடிக்கிட்டிருந்த பேருங்களப் பாத்து, இந்தப் பசங்க மாசா மாசம் வர்றாங்க, ஒருத்தனுக்கு மூச்சிரைப்புன்னு சொன்னது இவங்கதான். நான் பதிஞ்சேன், அதனால என் பேரு விழுந்திருக்கு. கைதட்டு இவங்களுக்கு." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுபடி கைதட்டினார்கள், எனக்கு. அது எனக்கு இனிக்கவில்லை. சார் அசடு வழிய நின்றார். இயக்குநர் எழுந்து, "யாரு கண்டுபிடிச்சா என்ன, மொத்தத்துல கூட்டு முயற்சிதானே! எல்லாருக்கும் நன்றி. கேக் வெட்டலாமா?" என்று கத்தியை எடுத்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கேக் எங்கயும் ஓடிப் போயிடாது சார்" என்றேன். குரல் கவுன்டரில் இருந்து வாசல் வரை போகிற குரல். "எனக்குச் சேர வேண்டியது வந்துடுச்சு. அப்ப இவங்க என்ன செஞ்சாங்க? அதச் சொல்லாமயே முடிக்கிறீங்களே!"

சார் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். அவருக்குத் தெரியும். சொன்னால், பார்க்காமலே திறக்கச் சொன்னவர் இயக்குநர் என்பது வெளியே வரும், வெட்டிய நிரல் தம்பியுடையது என்பதும் வெளியே வரும். அந்தப் பயத்தில்தான் யாருக்கும் வலிக்காத ஒன்றைத் தேடி, கம்ப்யூட்டரில் அவள் பேர் இருந்ததைப் பார்த்து அதை எடுத்திருக்கிறார். கேட்டிருந்தால் அவளே திருத்தியிருப்பாள். எல்லோரிடமும் போய்க் கேட்டவர், அவளிடம் மட்டும் கேட்கப் போகவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டி வருமே.

"நான் சொல்றேன்" என்று ஒரு குரல் வந்தது. தம்பி. எழுந்து நின்றான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"டாக்டருங்க எழுதின குறிப்போட வால என் நிரல் வெட்டிடுச்சு. என் தப்பு, நான் இடத்த அளந்து பாக்கல. அன்னைக்கே தெறந்திருந்தா, எந்த மருந்து யாருக்கு ஒத்துக்காதுங்கற வரியே இல்லாம தெறந்திருப்போம். இவங்க கையெழுத்துப் போடாததாலதான் அந்த ஒரு வாரம் கெடச்சுது. எல்லாரும் போட்டுடுன்னு சொன்னப்ப இவங்க ஒருத்தர்தான் மாட்டேன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு நீளக் குறிப்பையும் கடைசி வரைக்கும் படிச்சுக் கண்டுபிடிச்சாங்க. என்னத் தனியாக் கூப்பிட்டுத்தான் காட்டினாங்க, யார்கிட்டயும் சொல்லல. நாம யாரும் அவங்ககூடப் பேசல. எனக்கு எல்லாம் தெரியும். நானும் பேசல."

அவன் குரல் அங்கே உடைந்தது. இயக்குநர் கத்தியை மேஜையில் வைத்துவிட்டார். சார், "நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்மா, மன்னிச்சுக்கோங்க" என்றார், இயக்குநர் முன்னாலேயே. டீச்சரம்மா போனைக் கீழே வைத்தாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "முழுசாப் படிக்கல" என்றாள். "கடைசி வரிய மட்டும் ஒப்பிட்டுப் பாத்தேன். முழுசாப் படிக்க நேரம் ஏது?"

இந்தப் பெண்ணை என்ன செய்வது? நான் சிரித்துவிட்டேன். தம்பியும் அழுதுகொண்டே சிரித்தான். கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அப்புறம் கேக் வெட்டினார்கள். அக்கா கேக்கைத் தொடவில்லை. ஒவ்வொருவராக வந்து அவளிடம் ஏதோ சொன்னார்கள், அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் நானும் அவளும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அவள் பையில் எக்ஸ்ரே அறையிலிருந்து எடுத்த டம்ளரும் ஒரு குடையும் இருந்தன. நிறுத்தத்தில் நிற்கும்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. பிள்ளைக்கு டாக்டரைப் பார்க்க ஏதோ சீட்டு வேண்டுமாம். "வாங்கிடறேண்ணா" என்றாள். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "அண்ணா, கொஞ்சம் நேரம் இருக்கா? இன்னைக்கு ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சு. டாக்டருங்க எழுதின குறிப்பு இருக்குல்ல, அதோட கடைசி வரி..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. "சரிண்ணா. இல்ல, பெருசா ஒண்ணுமில்ல. அப்புறம் பேசறேன்" என்று போனைப் பைக்குள் போட்டாள்.

எனக்கு அந்த மனிதரை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு பஸ் வந்து போயின. இரண்டும் அவள் பஸ்தான், அவள் ஏறவில்லை.

"ஏம்மா," என்றாள் ரோட்டைப் பார்த்தபடியே. "தம்பி பேசினப்ப எனக்குக் காதெல்லாம் அடைச்சுக்கிச்சு. முதல்ல சொன்னது சரியாக் கேக்கல. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அவன் சொன்ன மாதிரியே ஒரு தடவ சொல்றியா?"

பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று நான் முதலிலிருந்து சொன்னேன். வால் வெட்டுப்பட்டதை, ஒரு வாரத்தை, எல்லாரும் போட்டுடு என்றபோது இவங்க ஒருத்தர்தான் மாட்டேன் என்றதை. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். 'கடைசி வரைக்கும் படிச்சு' என்ற இடம் வந்ததும் நான் நிறுத்தி, திருத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

அவள் ஒன்றும் திருத்தவில்லை. "ம்... சொல்லு" என்றாள்.